நாலு மாசமும் மூவாயிரத்து அறுநூறு

நாலாவது மாசமும் அதே தொகைதான் வந்தது. மாமாவின் போனில் பாங்க் மெசேஜ் சத்தம் கேட்டதும் அக்கா தையல் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து போய்ப் பார்த்தாள். மாமா குளித்துக்கொண்டிருந்தார்.

"நாற்பத்து நாலாயிரம்," என்றாள். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை. சுவரிடம் சொன்ன மாதிரி இருந்தது.

நான் ஒரு பாவாடைக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தேன். அடுத்த கொக்கியை எடுத்தேன். அக்கா வீட்டில் நான் இருப்பது ஐந்து வருஷமாக. பேசாமல் இருந்தால் எல்லாம் காதில் விழும் என்பது எனக்கு இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது.

போன வருஷம் வரைக்கும் மாமாவுக்கு மாசம் நாற்பத்தெட்டாயிரம் வரும். அவர் அட்டைப்பெட்டி செய்கிற தொழிற்சாலையில் வெட்டு மெஷின் பிரிவில் இருக்கிறார். பதினாறு வருஷ சர்வீஸ். புது வரி வருஷம் தொடங்கிய மாசம் திடீரென்று நாலாயிரம் குறைந்தது. அக்கா கேட்டபோது மாமா, "பென்ஷன் கணக்குல போடுறாங்க. கம்பெனியே கட்டுது. ஃபார்ம்ல கையெழுத்துப் போட்டிருக்கேன்," என்றார்.

"கம்பெனி கட்டினா உங்க சம்பளம் ஏன் குறையணும்?"

"அலவன்ஸ்ல நாலாயிரத்தை எடுத்து அதுல போடுறாங்க. ஆனா அந்த நாலாயிரத்துக்கு வரி கிடையாது. மாசம் எண்ணூறு வரி மிச்சம். அதனால கையில மூவாயிரத்து இருநூறுதான் குறையும். வருஷத்துக்கு ஒன்பதாயிரத்து அறுநூறு லாபம்."

"மூவாயிரத்து இருநூறுதான் குறையும்னு சொல்றீங்க. நாலாயிரம் குறைஞ்சிருக்கே."

மாமா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். பிறகு, "முதல் மாசம் அப்படித்தான் இருக்கும். அடுத்த மாசம் சரியாகிடும்," என்றார்.

அடுத்த மாசம் சரியாகவில்லை. அதற்கடுத்த மாசமும் இல்லை. அக்கா கேட்பதையும் நிறுத்திவிட்டாள். அவள் கேள்வி கேட்டால் பயமில்லை. கேட்காமல் இருந்தால்தான் வீட்டில் பாத்திரம் வைக்கிற சத்தம்கூட வேறு மாதிரி கேட்கும்.

அக்காவுக்குச் சந்தேகம் மாமாவின் அக்கா மேல். அந்த நாத்தனாரின் வீட்டுக்காரருக்கு வேலை போய் எட்டு மாசம் ஆகிறது. மாமா அவருக்குப் பணம் அனுப்பினால் அக்கா வேண்டாம் என்று சொல்லியிருக்க மாட்டாள். சொல்லாமல் அனுப்புவதுதான் அவளுக்குப் பொறுக்காது.

இது போதாதென்று ஜாக்கெட் ஆல்டர் பண்ண வந்த மருந்துக்கடைக்காரம்மா ஒரு கதை சொல்லிவிட்டுப் போனார். "என் வீட்டுக்காரர் சம்பளத்தை ரெண்டா பிரிச்சு ரெண்டு அக்கவுண்டுல போடச் சொல்லியிருந்தார். ஆபீஸ்ல கேட்டா அப்படிப் போடுவாங்களாம். எட்டு வருஷம் கழிச்சுத்தான் எனக்குத் தெரிஞ்சுது. இடுப்புல ஒரு இஞ்ச் விட்டுத் தைம்மா."

ஒரு இஞ்ச் விடச் சொன்ன இடத்தில் அக்கா இரண்டு இஞ்ச் விட்டாள். அதை நான் பிரித்துத் திரும்பத் தைத்தேன்.

எல்லாம் அந்த வாரம் முற்றியதற்குக் காரணம் மாடி வீடு. பக்கத்துத் தெருவில் ஒரு மாடி வீடு காலியானது. இரண்டு அறை, தனிக் குழாய், தெருப்பக்கம் ஒரு ஜன்னல். மெஷினை அந்த ஜன்னலோரம் போட்டால் பகலில் விளக்கு வேண்டாம் என்று அக்கா போய்ப் பார்த்த அன்றே முடிவு பண்ணிவிட்டாள். முன்பணம் ஒன்றரை லட்சம். அது அக்கா ஏழு வருஷமாகத் தைத்துச் சேர்த்த பணம், அவள் பேரில் இருக்கிறது. சனிக்கிழமைக்குள் கொடுக்காவிட்டால் வேறு ஆள் இருக்கிறது என்று வீட்டுக்காரம்மா சொல்லிவிட்டார். அக்கா பணத்தை எடுத்து மாமா கையில் கொடுக்க வேண்டும், மாமா பேரில் ஒப்பந்தம் எழுத வேண்டும் என்பது ஏற்பாடு.

மெசேஜ் வந்தது புதன்கிழமை. மாமா தலையைத் துவட்டிக்கொண்டு வந்தார்.

"சம்பளச் சீட்டைக் காட்டுங்க," என்றாள் அக்கா.

"அதெல்லாம் போன்லதான் வரும். பாஸ்வேர்டு மறந்துபோச்சு."

"நாலு மாசமாவா?"

"எனக்கென்ன அதே வேலையா?"

"பேப்பர்ல கேட்டா தர மாட்டாங்களா?"

வியாழக்கிழமை சாயங்காலம் மாமா ஒரு சீட்டைக் கொண்டுவந்தார். நாலாக மடித்து, அதையும் பாதியாக மடித்து, சட்டைப்பையின் அடியில் இருந்தது. அக்கா அதைத் தையல் மெஷின் பலகையில் வைத்து உள்ளங்கையால் நீவினாள். நான் அவள் தோளுக்குப் பின்னால் நின்று படித்தேன்.

இடது பக்கம் வருமானம். அடிப்படைச் சம்பளம் நாற்பதாயிரம், அலவன்ஸ் எட்டாயிரம், ஓய்வூதியத்துக்கு நிறுவனப் பங்கு நாலாயிரம். ஆக ஐம்பத்து இரண்டாயிரம். வலது பக்கம் பிடித்தம். ஓய்வூதியம் நாலாயிரம், வரி மூவாயிரத்து அறுநூறு, கேன்டீன் நானூறு. கடைசியில் நாற்பத்து நாலாயிரம்.

"இந்தப் பக்கம் நாலாயிரம் வருது. அந்தப் பக்கம் நாலாயிரம் போகுது," என்றாள் அக்கா. "நடுவுல வாங்கிக்கிறது யாரு?"

"பென்ஷன் கணக்குக்காரங்க."

"கணக்குக்காரங்களா, உங்க அக்காவா?"

மாமா சட்டைப் பட்டனை அவிழ்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார். "நான் கையெழுத்துப் போட்ட ஃபார்ம் ஆபீஸ்ல இருக்கு."

"அப்ப நாளைக்கு நான் ஆபீசுக்கு வர்றேன்."

"வேண்டாம்." ரொம்பச் சீக்கிரமாகச் சொன்னார். "என் மானத்தை வாங்காதே. சம்பள மேடம் ஒரு மாதிரி. எதுக்கெடுத்தாலும் மேனேஜர்கிட்டப் போயிடுவாங்க."

அந்த "வேண்டாம்" எனக்கே பிடிக்கவில்லை. அதுவரைக்கும் நான் மாமா பக்கம்தான் இருந்தேன். அவர் பொய் சொல்லத் தெரியாத ஆள் என்று நினைத்திருந்தேன். பொய் சொல்லத் தெரியாதவர் சொன்னால் இப்படித்தான் இருக்குமோ என்று அன்றைக்கு முதல் தடவையாகத் தோன்றியது.

மாமா தூங்கப் போனபின் அக்கா என்னிடம் சொன்னாள். "நாளைக்கு நீயும் வா. எனக்குக் கோபம் வந்தா கணக்கெல்லாம் மறந்துடும். நீ பார்த்து வச்சுக்கோ." பிறகு, "அங்கே வேற மாதிரி ஏதாவது தெரிஞ்சா சனிக்கிழமை பணம் கிடையாது. மாடியும் கிடையாது. அதுக்கப்புறம் என்னன்னு எனக்கே தெரியலடி," என்றாள்.

அவள் பீரோவிலிருந்து போன வருஷத்துச் சீட்டு ஒன்றை எடுத்துப் பையில் வைத்தாள். கடன் கேட்பதற்காக ஒரு தடவை வாங்கிய சீட்டாம். அவள் எதையும் தூக்கிப்போட மாட்டாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் போனோம். சம்பள அறை தொழிற்சாலையின் முன்பக்கம், கேட்டுக்குப் பக்கத்தில். கண்ணாடிக் கதவைத் தாண்டியும் பசை வாடை வந்தது. சம்பள மேடம் ஐம்பது வயதுக்காரர். மேசையில் இரண்டு கம்ப்யூட்டர், அவற்றுக்கு நடுவில் கால்குலேட்டர். கம்ப்யூட்டர் போட்ட கூட்டலை அவர் கால்குலேட்டரில் திரும்பப் போட்டுச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா யாரென்று சொன்னாள். மேடம் எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"ஒருத்தர் சம்பளத்தை இன்னொருத்தர்கிட்டக் காட்ட முடியாதும்மா. வீட்டம்மாவா இருந்தாலும் சரி."

"அவரையே கூப்பிடுங்க. அவர் முன்னாடியே காட்டுங்க."

மேடம் உள்போனில் சொன்னார். மாமா வருவதற்குக் கால்மணி நேரம் ஆனது. காதில் அட்டைத்தூள் ஒட்டியிருந்தது. எங்களைப் பார்த்ததும் முகம் சுண்டிப்போனது. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"காட்டலாமா சார்?" என்று மேடம் கேட்டார்.

மாமா தலையை ஆட்டினார். ஆமாம் என்றா, என் தலையெழுத்து என்றா என்று தெரியவில்லை.

"இவர் சம்பளம் ரெண்டு அக்கவுண்டுக்குப் போகுதா?" அக்கா நேராகக் கேட்டுவிட்டாள்.

மேடத்துக்குச் சிரிப்பு வந்ததை நான் பார்த்தேன். அடக்கிக்கொண்டார். "ஒண்ணுதாம்மா. இதோ பாருங்க."

"அப்ப இந்த நாலாயிரம்?"

மேடம் ஒரு ஃபைலை எடுத்துப் பிரித்தார். பென்ஷன் கணக்குக்குப் பணம் கட்டிய ரசீதுகள், மாசத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் பேர்ப்பட்டியல் இருந்தது. மற்றவர்கள் பேரை ஸ்கேலால் மறைத்துவிட்டு மாமா பேர் இருந்த இடத்தை மட்டும் காட்டினார். நிறுவனப் பங்கு, நாலாயிரம். நாலு ரசீதிலும் அதே. அவர் கையெழுத்துப் போட்ட ஃபார்மும் இருந்தது.

"மொத்தம் பதினாறாயிரம் அவர் கணக்குல இருக்கு. யாரும் எடுக்க முடியாது. அவரே வேலையை விட்டு ஓய்வு பெறுற வரைக்கும் லேசுல எடுக்க முடியாது."

அக்கா நாலு ரசீதையும் பார்த்தாள். அவள் மூச்சு இறங்கியது எனக்குக் கேட்டது. மாமா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதோடு எழுந்து வந்திருக்கலாம். அக்கா எழுந்திருக்கவில்லை.

"மேடம், இவர் மூவாயிரத்து இருநூறுதான் குறையும்னு சொன்னார். யார் சொன்ன கணக்கு அது?"

"நான்தான் சொன்னேன். நல்ல திட்டம்மா. கம்பெனி பங்கைச் சம்பளத்துல சேர்த்துக் காட்டுவோம். வரி போடும்போது அதைக் கழிச்சுடுவோம். அடிப்படைச் சம்பளத்துல பத்துல ஒரு பங்கு வரைக்கும் போடுறோம், அது சட்டத்துல விட்டிருக்கிற அளவுக்குள்ளதான். மாசம் நாலாயிரம்னா வருஷத்துக்கு நாற்பத்தெட்டாயிரம். அவர் சம்பளத்தோட மேல்பகுதிக்கு அஞ்சுல ஒரு பங்கு வரி. நாற்பத்தெட்டாயிரத்துல அஞ்சுல ஒரு பங்கு ஒன்பதாயிரத்து அறுநூறு. அது மிச்சம்." இதைப் பலருக்குச் சொல்லிப் பழகிய வேகத்தில் சொன்னார்.

"அவரே கையிலிருந்து கட்டினா?"

"அவர் எடுத்திருக்கிற வரி முறையில அதுக்குக் கழிவு இல்லை. கம்பெனி கட்டினாத்தான்."

"சரி. அந்த எண்ணூறு எங்கே?"

"வரியில குறைஞ்சிருக்கும்மா."

அக்கா என்னைப் பார்த்தாள். எனக்கு முன்பின் தெரியாதவர்கள் முன்னால் பேசியே பழக்கமில்லை. ஆனால் அவள் அதற்காகத்தான் என்னைக் கூட்டிவந்தாள். பையிலிருந்து போன வருஷத்துச் சீட்டை எடுத்து இந்த மாசச் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்து, வரி என்ற இடத்தில் இரண்டிலும் விரலை வைத்தேன்.

"இதுலயும் மூவாயிரத்து அறுநூறு," என்றேன். "இதுலயும் மூவாயிரத்து அறுநூறு."

மேடம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "வரியைக் கம்ப்யூட்டர்தான் போடுது. தப்பு வராது."

"அப்ப அதுகிட்டயே கேளுங்க," என்றாள் அக்கா.

மேடம் பட்டனைத் தட்டினார். ஒரு பக்கம் திறந்தது, மூடியது, இன்னொன்று திறந்தது. பிறகு கால்குலேட்டரை இழுத்துக்கொண்டார். முதலில் வேகமாகத் தட்டியவர் போகப்போக மெதுவாகத் தட்டினார். அப்புறம் தட்டுவதை நிறுத்திவிட்டார். அந்த அறையில் எல்லாரும் ஒருவரையொருவர் பார்க்காமல் இருந்தோம்.

"சேமிப்புச் சங்கம்," என்றார் கடைசியில்.

"என்னது?"

"தொழிலாளர் சேமிப்புச் சங்கத்துக்குப் பிடிப்போம் இல்ல, அந்தப் பிடித்தத்தைப் பார்த்து இதையும் அதே மாதிரி போட்டுட்டேன். சங்கத்துக்குப் போறது அவங்க சொந்தச் சேமிப்பு. அதுக்கு வரிக் கழிவு கிடையாது. இதையும் அதே தலைப்புல நகல் எடுத்துட்டதால, கம்ப்யூட்டர் இதையும் சொந்தச் சேமிப்புன்னு எடுத்துக்கிட்டு முழுச் சம்பளத்துக்கும் வரி போட்டிருக்கு." குரல் இறங்கிவிட்டது. "கூட்டல் எல்லாம் சரியா இருந்துச்சும்மா. மாசா மாசம் பாங்க் தொகையோட பைசா சுத்தமா ஒத்துப்போச்சு. அதனால நானும் பார்க்கல, ஆடிட்டரும் பார்க்கல."

"அப்ப அந்தப் பணம் போச்சா?"

"போகாது. வரி வருஷம் முழுசுக்கும் சேர்த்துத்தான் கணக்கு. இவர் வருஷத்துக்குக் கட்ட வேண்டியது முப்பத்து மூவாயிரத்து அறுநூறு. நாலு மாசத்துல பதினாலாயிரத்து நானூறு பிடிச்சாச்சு. மீதி பத்தொன்பதாயிரத்து இருநூறு. அதை எட்டு மாசத்துக்குப் பிரிச்சா," என்று தட்டினார், "மாசம் ரெண்டாயிரத்து நானூறு. அடுத்த மாசத்திலிருந்து கையில நாற்பத்து ஐயாயிரத்து இருநூறு வரும்."

நான் மனசுக்குள் கூட்டிப் பார்த்தேன். சரியாக இருந்தது. அக்கா என்னைப் பார்த்தாள். தலையாட்டினேன்.

"நாங்க வரலைன்னா?"

"வருஷக் கடைசியில இவரே வரிக் கணக்குத் தாக்கல் பண்ணும்போது ரசீதைக் காட்டித் திரும்பக் கேட்டிருக்கலாம். ஆனா," மேடம் கண்ணாடியைக் கழற்றினார், "பார்த்தாத்தானே கேட்க முடியும்."

"இதுல எத்தனை பேர் கையெழுத்துப் போட்டிருக்காங்க?"

"பதினோரு பேர்."

"பதினோரு வீட்லயும் என்ன நடந்துக்கிட்டிருக்கோ," என்றாள் அக்கா.

மேடம் ஃபைலை மூடினார். மாமா பக்கம் திரும்பினார். கொஞ்சம் கோபமாகக்கூட இருந்தது. "சார், நீங்களாவது சொல்லியிருக்கலாம். எண்ணூறு குறையும்னு உங்ககிட்டச் சொல்லித்தானே ஃபார்ம் வாங்கினேன். குறையலைன்னு உங்களுக்குத் தெரியலையா?"

மாமா காதில் இருந்த அட்டைத்தூளைத் தட்டினார். "தெரியும்," என்றார்.

"எப்பத் தெரியும்?" என்று கேட்டது அக்கா.

"முதல் மாசமே."

உள்ளே மெஷின் அட்டையை வெட்டுகிற சத்தம் ஒரே சீராக வந்துகொண்டிருந்தது.

"ஷிஃப்ட் இன்சார்ஜ் போடப் போறாங்க," என்றார் மாமா, மேடத்தைப் பார்க்காமல். "லிஸ்ட்ல என் பேர் இருக்குன்னு சொன்னாங்க. இந்த நேரத்துல சம்பளக் கணக்குல தப்புன்னு வந்து நின்னா, தகராறு பண்ற ஆள்னு நினைச்சுடுவாங்கன்னு இருந்துச்சு. என் கணக்குதான் தப்போன்னும் இருந்துச்சு. அடுத்த மாசம் தானா சரியாகும்னு விட்டுட்டேன்."

"நான் யாரையும் மேனேஜர்கிட்ட மாட்டிவிட்டதில்லை சார்," என்றார் மேடம். பிறகு அக்காவிடம், "இதை நானே மேனேஜர்கிட்டச் சொல்லிடுறேன். அதுக்கு முன்னாடி வெளியில சொல்லாதீங்க," என்றார்.

"நீங்க எப்பச் சொல்வீங்க?"

"இன்னிக்கு."

"எழுதிக் கொடுங்க. இவர் வரி இனிமே எவ்வளவுன்னு."

மேடம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அக்கா அதை வாசித்துவிட்டு என்னிடம் கொடுத்தாள், நான் வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். அப்புறம்தான் பையில் வைத்தாள்.

மாமா கேட் வரைக்கும் எங்களோடு வந்தார். ஷிஃப்ட் முடிய இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது.

"இப்ப சந்தேகம் தீர்ந்துச்சா?" என்றார். கொஞ்சம் தைரியம் வந்திருந்தது. "எங்க அக்காவுக்கு ஒரு பைசா அனுப்பலை."

"அனுப்பியிருந்தா சண்டை போட்டுட்டு விட்டிருப்பேன்," என்றாள் அக்கா. "நாலு மாசமா நான் உங்களைத் திருடன் மாதிரி பார்த்தேன். நீங்க பேசாம இருந்தீங்க. நான் உங்களைத் தப்பா நினைச்சா பரவாயில்லை. ஆபீஸ்காரங்க நினைச்சுடக் கூடாது. அப்படித்தானே?"

"அப்படி இல்லம்மா."

"வேற எப்படி?"

வாட்ச்மேன் பார்த்துக்கொண்டிருந்தான். மாமா அவனைப் பார்த்து லேசாகச் சிரித்தார். ஒன்றும் இல்லை என்று காட்டுகிற சிரிப்பு. அக்கா அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு நடக்க ஆரம்பித்தாள்.

வீட்டுக்கு வரும் வழியில் அவள் ஒரே ஒரு தடவைதான் பேசினாள். "பொய் சொல்றாரான்னு பார்க்கத்தான் போனேன். பொய் சொல்லலை," என்றாள். சந்தோஷமாகச் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் மாமா போனைக் கொண்டுவந்து அக்கா முன்னால் வைத்தார். புதுப் பாஸ்வேர்டு வாங்கியிருந்தார். பென்ஷன் கணக்கில் பதினாறாயிரமும் அதற்கு மேல் கொஞ்சமும் இருந்தது. அக்கா பார்த்தாள், பாஸ்வேர்டை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டாள். சாப்பாடு போட்டாள். மாமா இரண்டு தடவை ஏதோ சொல்ல வந்தார். இரண்டு தடவையும் இன்னும் கொஞ்சம் சோறு வேண்டுமா என்று அவள் கேட்டாள்.

மாடி வீடு என்ன ஆகும் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. மாமாவுக்கும் இல்லை என்பது தெரிந்தது.

சனிக்கிழமை காலையில் அக்கா என்னைக் கூட்டிக்கொண்டு பாங்குக்குப் போனாள். பணத்தை எடுத்துப் பையில் வைத்து, அங்கிருந்தே மாமாவுக்குப் போன் பண்ணி, நேராக வீட்டுக்காரம்மா வீட்டுக்கு வரச் சொன்னாள். மாமா முகச்சவரம் பண்ணி, நல்ல சட்டை போட்டு, எங்களுக்கு முன்பே வந்து காத்திருந்தார்.

வீட்டுக்காரம்மா ஒப்பந்தத்தை எடுத்து வைத்தார். "சார் பேர் சொல்லுங்க," என்று பேனாவைத் திறந்தார்.

அக்கா தன் பேரைச் சொன்னாள்.

வீட்டுக்காரம்மா மாமாவைப் பார்த்தார். மாமா அக்காவைப் பார்த்தார். அக்கா பணத்தை எண்ணிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

"என் பேருன்னுதானே பேச்சு?" என்றார் மாமா மெதுவாக.

"மேலே தண்ணி வரலைன்னா வீட்டுக்காரம்மாகிட்டப் போய்க் கேட்கணும். ஓடு ஒழுகினா கேட்கணும்," என்றாள் அக்கா. "கேட்கிற ஆள் பேர்ல இருக்கட்டும்."

வீட்டுக்காரம்மாவுக்கு என்ன புரிந்ததோ, "தண்ணியெல்லாம் ஒழுங்கா வரும்மா," என்றார்.

"சாட்சிக் கையெழுத்துக்கு ஒரு இடம் இருக்குல்ல?" என்று கேட்டாள் அக்கா. காகிதத்தின் அடியில் இருந்தது. அதை மாமா பக்கம் திருப்பி வைத்தாள்.

மாமா கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு பேனாவை வாங்கி, முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார். ஒரு வரியும் விடாமல் படித்தார். நாங்கள் மூன்று பேரும் காத்திருந்தோம். வாடகைத் தொகைக்கு வந்ததும் நிறுத்தி, "இதுல தண்ணி வரி சேர்த்தியா, தனியா?" என்று வீட்டுக்காரம்மாவிடம் கேட்டார்.

"சேர்த்துத்தான்."

"அப்ப அதை இதுலயே எழுதிடுங்க," என்றார் மாமா. வீட்டுக்காரம்மா எழுதும் வரைக்கும் காத்திருந்து, அதற்கப்புறம் சாட்சி என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

அக்கா காகிதத்தைத் திரும்ப வாங்கினாள். அவர் கேட்டு எழுதவைத்த வரியை இரண்டு தடவை படித்தாள்.